கடையை மூடுகிறேன், ரெஸ்யூமில் பதவி என்று என்ன போடுவது?

11 வருடம் நடத்திய ஸ்டேஷனரி கடையை இந்த மாதக் கடைசியில் மூடுகிறேன். கொள்முதல், ஸ்டாக் பிரிவில் சம்பள வேலை தேடுகிறேன். ரெஸ்யூமில் ‘உரிமையாளர்’ என்று போட்டு அனுப்பினேன். நேர்காணலில், “இன்னொருவருக்குக் கீழே வேலை பார்ப்பீர்களா, மறுபடி கடை வைக்கப் போய்விடுவீர்களா?” என்றே சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள்.

அப்புறம் அதை ‘கடை நிர்வாகம், கொள்முதல் - சொந்தத் தொழில்’ என்று மாற்றினேன். ‘எல்லா வேலையும் பார்த்தேன்’ என்ற வரியை எடுத்துவிட்டு, ‘900 பொருள்கள், 14 சப்ளையர்கள், மாதம் ஒருமுறை இருப்புச் சரிபார்ப்பு’ என்று எழுதினேன். சொந்தத் தொழில் என்பதை மறைக்க மனமில்லை. விசாரித்தால் எப்படியும் தெரிந்துவிடும்.

இந்தத் தலைப்பு சரியா? எனக்காகப் பேச மேலதிகாரி கிடையாது. நீண்டநாள் சப்ளையர் ஒருவரையும் கணக்குப் பார்த்த ஆடிட்டரையும் ரெஃபரன்ஸாகக் கொடுத்தால் ஏற்பார்களா? ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் சொல்லுங்களேன்.