ஒரே கார்டு, ஒரே போன்: ஒரு கடையில் பாஸ்கீ கேட்குது, இன்னொன்றில் ஓடிபி. ஏன்?

அலமாரி
போன மாசம் வங்கி ஆப்பில் என் கார்டுக்குப் பாஸ்கீ போட்டேன். அன்றைக்கு மட்டும் ஓடிபி கேட்டு, பிறகு கைரேகை வாங்கிக்கொண்டு, இனிமேல் இதுவே போதும் என்றது. ஒரு புத்தகத் தளத்தில் அப்படியேதான் நடந்தது. விரலை வைத்தேன், பணம் போனது. நேற்று வேறொரு தளத்தில் செருப்பு வாங்கினேன். அதே கார்டு, அதே போன், அதே குரோம். ஆனால் கைரேகை கேட்கவே இல்லை, ஆறு இலக்க ஓடிபிதான் வந்தது. பாஸ்கீ அழிந்துவிட்டதோ என்று செட்டிங்கில் பார்த்தால் அது பத்திரமாக இருக்கிறது. புத்தகத் தளத்தில் திரும்பவும் ஒன்று வாங்கிப் பார்த்தேன், கைரேகைதான் கேட்டது. செருப்புக் கடையில் மட்டும் என்ன கோளாறு?

வேகத்தடை
குக்கீ, கேஷ் எல்லாத்தையும் அழிச்சுட்டு திரும்ப லாகின் பண்ணுங்க. பாஸ்கீ பிரவுசருக்குள்ளதான் இருக்கும், சில சைட்டுக்கு அது சிக்கிக்கும்.

அலமாரி
அழித்தேன். எல்லாத் தளத்திலிருந்தும் வெளியே தள்ளிவிட்டதுதான் மிச்சம். செருப்புக் கடையில் இன்னும் ஓடிபிதான்.

மூன்றாம்மாடி
எனக்கும் இதே பிரச்சினை. எங்க வீட்டுக்குள்ள சிக்னலே கிடையாது, ஓடிபி வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிடும். மொட்டை மாடிக்குப் போய் நின்னுதான் பணம் கட்டுறேன்.

அலமாரி
உங்களுக்கு ஓடிபி வரவில்லை. எனக்கு வருகிறது, அதுதாங்க குறையே 🙂

கல்வெட்டு
பேமெண்ட் வேலையில் சில வருஷம் இருக்கிறேன். குக்கீயை அழித்துப் பயனில்லை. பாஸ்கீயின் ரகசியச் சாவி குக்கீயோடு இருப்பதில்லை, போனின் பாஸ்வேர்டு மேனேஜரில் இருக்கிறது.

அலமாரி, ஒன்று சொல்லுங்கள். செருப்புக் கடையில் ஓடிபி கேட்டபோது மேலே முகவரிப் பட்டையில் யார் பெயர் இருந்தது?

அலமாரி
இப்போதுதான் திரும்பப் போய்ப் பார்த்தேன். கடையின் பெயர்தான். நடுவில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதற்குள் வங்கி லோகோ, கீழே ஓடிபி கட்டம். புத்தகத் தளத்தில் முழுப் பக்கமும் மாறியது, பட்டையிலேயே வங்கியின் பெயர் இருந்தது.

கல்வெட்டு
அங்கேதான் விஷயம். உங்கள் பாஸ்கீ வங்கியின் டொமைனுக்கென்று பிறந்தது. வேறு பெயருள்ள பக்கம் கேட்டால் பிரவுசர் அதை எடுத்தே தராது. போலி வங்கிப் பக்கத்தில் அது செல்லாமல் போவதும் இதனால்தான்.

புத்தகத் தளம் உங்களை வங்கிப் பக்கத்துக்கே அனுப்பிவிட்டது, அதனால் சிக்கல் இல்லை. செருப்புக் கடையோ வங்கிப் பக்கத்தை ஒரு ஐஃப்ரேமுக்குள் காட்டுகிறது. உள்ளே இருப்பது வங்கிதான், ஆனால் அது அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்காரர், அதாவது கடையின் பக்கம், அனுமதி தந்தால்தான் பிரவுசர் உள்ளே இருப்பவரைப் பாஸ்கீ கேட்க விடும். அனுமதி இல்லையென்றால் வங்கிப் பக்கம் சத்தமில்லாமல் ஓடிபிக்கு இறங்கிவிடும். உங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

உறுதி செய்ய வேண்டுமானால் மடிக்கணினியில் அதே கடையைத் திறந்து டெவலப்பர் கன்சோலைப் பாருங்கள். `publickey-credentials-get` என்ற பெயரோடு `NotAllowedError` வந்திருந்தால் இதுதான் காரணம். வராவிட்டாலும் இது இல்லை என்று ஆகாது. சில வங்கிகள் அனுமதி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிட்டு, கேட்காமலே ஒதுங்கிவிடும்.

தறிச்சத்தம்
நான் சிறிய ஆன்லைன் கடை ஒன்று நடத்துகிறேன், கோடும் நானே. அந்த அனுமதியைப் போன வாரமே போட்டுவிட்டேன். ஆனாலும் வாடிக்கையாளருக்கு ஓடிபிதான் போகிறது. ஆக, நீங்கள் சொல்வது முழுக் காரணம் இல்லையே?

```html
<iframe name="challenge" allow="publickey-credentials-get"></iframe>
```

கல்வெட்டு
உங்கள் வரியில் `src` இல்லை, கவனித்தீர்களா? பெயர் மட்டும் வைத்துவிட்டு, ஒரு படிவத்தை அந்தப் பெயருக்கு போஸ்ட் செய்கிறீர்கள். 3டிஎஸ்ஸில் வழக்கமாக அப்படித்தான் செய்வோம். ஆனால் `allow`-இல் அனுமதியின் பெயருக்குப் பின்னால் எந்தத் தளத்துக்கு என்று எழுதாவிட்டால், அனுமதி `src`-இல் உள்ள தளத்துக்கு மட்டுமே போகும். `src`-ஏ இல்லாதபோது அது உங்கள் தளத்தோடு நின்றுவிடும். படிவம் போய் வங்கிப் பக்கம் வந்து இறங்கும்போது கையில் அனுமதி இல்லை. இப்படி மாற்றுங்கள்:

```html
<iframe name="challenge"
  allow="publickey-credentials-get *; payment *"></iframe>
```

நடுவில் பேமெண்ட் கேட்வேயின் ஐஃப்ரேமும் இருந்தால், ஒவ்வொரு அடுக்கிலும் இது வேண்டும். ஓர் அடுக்கு விட்டுப்போனாலும் போதும், உள்ளே இருக்கும் வங்கிக்கு எதுவும் கிடைக்காது.

அலமாரி
எனக்கு இன்னொரு சந்தேகம். விரல் வைக்கும்போது எவ்வளவு தொகைக்கு வைக்கிறேன் என்று அந்தக் கைரேகைப் பெட்டியில் இல்லை. பக்கத்தில் ஒன்றைக் காட்டிவிட்டு வேறு தொகைக்கு என் ஒப்புதலை வாங்க முடியாதா? அப்புறம், என் கைரேகை வங்கிக்குப் போகிறதா?

கல்வெட்டு
கைரேகை போனை விட்டு வெளியே போகாது. அது சாவியைத் திறக்க மட்டும்தான்.

தொகை பற்றிய சந்தேகம் நியாயமானது. சாதாரண பாஸ்கீயில் போன் கையெழுத்திடும் தரவில் வங்கி அனுப்பிய ஒரு தற்செயல் எண்ணும் தளத்தின் பெயரும்தான் முக்கியமாக இருக்கும், தொகை இருக்காது. இந்த எண் இந்தப் பரிவர்த்தனைக்குத்தான் என்று தன் சர்வரில் முடிச்சுப் போடுவது வங்கியின் பொறுப்பு.

இதற்கென்றே `secure-payment-confirmation` என்று ஒரு முறை உண்டு. 2021-இல் குரோம் 95-இல் வந்தது. அதில் கடையின் பெயர், தொகை, கார்டு மூன்றையும் பிரவுசரே தன் சொந்தப் பெட்டியில் காட்டும். கையெழுத்திடும் தரவுக்குள்ளும் அவை போகும், அதன் வகை `payment.get` என்று இருக்கும். நடுவில் யாராவது தொகையை மாற்றினால் வங்கி சரிபார்க்கும்போதே தெரிந்துவிடும். இன்னொரு வசதி, வங்கி முன்பே பதிந்த பாஸ்கீயைக் கடையே நேரடியாக அழைக்கலாம், அந்த வெள்ளைப் பெட்டியே வேண்டாம். ஃபயர்பாக்ஸ், சஃபாரி பயன்படுத்துகிறவர்களுக்கு இது கிடைக்காது. குரோமிலும் வங்கி, கேட்வே, கடை மூன்று பேரும் ஆதரித்தால்தான் உண்டு.

வேகத்தடை
சரி, குக்கீ விஷயத்துல தப்புதான். ஆனா ஒண்ணு கேக்கறேன். போலிப் பக்கத்துல பாஸ்கீ செல்லாதுன்னு சொல்றீங்க. திருடன் அதைக் கேக்கவே மாட்டானே? "பாஸ்கீ வேலை செய்யலை, ஓடிபி போடுங்க"ன்னு எழுதிட்டுப் போவான். இப்ப அலமாரி பார்த்ததும் அதேதானே! நல்ல கடையும் திருடனும் ஒரே மாதிரி தெரிஞ்சா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கல்வெட்டு
இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஓடிபி மாற்று வழியாகத் திறந்திருக்கும்வரை அந்த ஓட்டை இருக்கும். அதை மூடினால், போன் கையில் இல்லாதவர் பணமே கட்ட முடியாது என்று வங்கிகள் தயங்குகின்றன. நான் செய்வது ஒன்றுதான். வழக்கமாகக் கைரேகை கேட்கும் இடத்தில் ஓடிபி வந்தால், குறுஞ்செய்தியில் உள்ள கடைப் பெயரையும் தொகையையும் முழுசாகப் படித்த பிறகே எண்ணைப் போடுவேன்.

மூன்றாம்மாடி
அப்ப பாஸ்கீ போட்டா நான் மாடிக்குப் போக வேண்டாமா? வீட்ல வைஃபை இருக்கு.

கல்வெட்டு
வைஃபை போதும். பதிவு செய்யும் அன்றைக்கு ஓடிபி கேட்டால் மட்டும் ஒரு தடவை ஏறுங்கள்.

தறிச்சத்தம்
அந்த நட்சத்திரத்தைப் போட்டதும் போன் குரோமில் கைரேகை கேட்கிறது, நன்றி. ஆனால் எங்கள் கடையின் ஆப்பில் இன்னும் ஓடிபிதான். ஆப் அதே பக்கத்தைத்தான் வெப்வியூவில் திறக்கிறது.

கல்வெட்டு
பல வெப்வியூக்களில் பாஸ்கீ கேட்கும் வசதியே அணைந்திருக்கும், நீங்கள் பக்கத்தில் என்ன எழுதினாலும் பயன் இல்லை. பேமெண்ட் கட்டத்தை மட்டும் கஸ்டம் டேப்பில் திறந்து பாருங்கள். திரும்ப ஆப்புக்குள் வருவதில் சிலருக்கு இடறியிருக்கிறது. முடிவை இங்கே எழுதுங்கள்.

அலமாரி
செருப்புக் கடைக்கு இந்த இழையின் வரியை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பினேன். "உங்கள் ஓடிபி சரியாக வருகிறதா என்று சரிபார்க்கவும்" என்று பதில் வந்திருக்கிறது.