10-க்கு 8 அடி அறை, பிஎஸ்5: 27 இன்ச் மானிட்டரா, 43 இன்ச் டிவியா?

மொட்டைமாடி:
கட்டிலில் சாய்ந்துதான் கேம் ஆடுவேன். என் கண்ணிலிருந்து எதிர்ச் சுவர் வரை டேப் வைத்துப் பார்த்தேன், ஐந்தரை அடி. பகலில் ஃபுட்பால், ராத்திரி விளக்கணைத்துக் கதை கேம். இப்போதுள்ள பழைய 32 இன்ச் டிவியில் பட்டனை அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் ஷாட் போகிறது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் சாதா 60 ஹெர்ட்ஸ் 4கே டிவியும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. எதை வாங்க?

வேகப்புயல்:
யோசிக்கவே வேண்டாம், மானிட்டர்தான். 1 மில்லிசெகண்ட், 144 ஹெர்ட்ஸ். டிவியில் லேக் இல்லாமல் ஆடவே முடியாது.

கடற்காகம்:
நானும் மானிட்டர்தான். டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போடுங்க ப்ரோ, எச்டிஎம்ஐ வேண்டாம். எனக்கு 165 ஹெர்ட்ஸ் வருது.

பழையவயர்:
கடற்காகம், நீங்கள் சொல்வது கம்ப்யூட்டருக்கு. பிஎஸ்5-இல் எச்டிஎம்ஐ மட்டும்தான், அதிலும் 120 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. ஃபுட்பால் கேம் ஓடுவதே 60-இல்.

வேகப்புயல், மானிட்டர் வேகமானது என்பது சரி. ஆனால் அந்த 1 மில்லிசெகண்ட், புள்ளி நிறம் மாறும் நேரம். பட்டன் தாமதம் வேறு. டிவி படத்தை மெருகேற்றிக் காட்ட எடுத்துக்கொள்ளும் நேரம்தான் பெரும்பாலும் அதற்குக் காரணம். கேம் மோட் போட்டால் அந்த வேலையை நிறுத்திவிடும்.

தம்பி மொட்டைமாடி, முதலில் தூரத்தைப் பாருங்கள். 27 இன்ச் திரை அகலம் சுமார் 60 செ.மீ., 43 இன்ச் சுமார் 95. ஐந்தரை அடியிலிருந்து அந்த டிவி எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, அவ்வளவு பெரிதாக மானிட்டர் தெரிய நீங்கள் மூன்றரை அடிக்கு வர வேண்டும். கட்டிலிலிருந்து பார்த்தால் சப்டைட்டில் படிக்கக் கண்ணைச் சுருக்குவீர்கள். மேசை போட்டு இரண்டரை அடியில் உட்கார்வதென்றால் கதையே மாறும், மானிட்டர்தான் பெரிதாகத் தெரியும்.

மொட்டைமாடி:
அண்ணா, பழைய டிவியில் பிக்சர் மெனுவுக்குள் கேம் மோட் இருந்தது! போட்டதும் ஷாட் உடனே போகிறது. இத்தனை நாள் தெரியாமல் இருந்துவிட்டேன். மேசை போட இடமில்லை, அதனால் டிவி பக்கம் சாய்கிறேன். மானிட்டர் என்றால் சத்தத்துக்கு என்ன செய்வது?

பழையவயர்:
பல மானிட்டரில் ஸ்பீக்கரே இருக்காது. சாதாரண ப்ளூடூத் ஹெட்போனை பிஎஸ்5 ஏற்காது. கன்ட்ரோலரில் இருக்கும் துளையில் வயர் ஹெட்போன் செருகலாம், அல்லது மானிட்டரின் ஆடியோ துளையிலிருந்து ஸ்பீக்கருக்கு வயர் இழுக்கலாம். டிவியில் இந்தத் தொல்லை இல்லை. கடைக்குப் போனால் இருட்டான காட்சி ஒன்றைப் போடச் சொல்லுங்கள். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் ராத்திரி ஆட்டத்துக்கு அது வேண்டாம். ஐபிஎஸ் பேனலில் அப்படித்தான் இருக்கும், விஏ பேனல் தேவலாம்.

வேகப்புயல்:
ஆனால் 120 ஹெர்ட்ஸில் ஷூட்டர் ஆடிப் பார்த்தால் 60-க்குத் திரும்ப மனசு வராது.

பழையவயர்:
அதை மறுக்கவில்லை. தம்பி ஷூட்டர் ஆடுவாரா?

மொட்டைமாடி:
இப்போதைக்கு இல்லை. தீபாவளிக்கு அத்தை மகன் வந்தால் நிச்சயம் ஆடுவோம். அதுதான் குழப்பமே.