பதினோரு மாதம் முடிந்த பிறகும் பிணையாளர் பொறுப்பா?

ஹெப்பால் உரிமையாளர்: "பிணையாளராகக் கையெழுத்திட்டவர், குடியிருப்பவர் சாவியைத் திருப்பித் தரும் வரை பொறுப்பாளிதான். நான்கு மாத வாடகை 80,000 ரூபாயைத் தர மறுக்கிறார்."

தணிகை: ஒப்பந்தம் 2022 ஜூன் 1இல் தொடங்கி 2023 ஏப்ரல் 30இல் முடிந்ததாக நீங்களே இங்கு எழுதியிருந்தீர்கள். நிலுவையோ 2024 ஜனவரி முதல். காலம் முடிந்த பின்னும் நீங்கள் வாடகை வாங்கியதால், சொத்து மாற்றச் சட்டத்தின் 116ஆம் பிரிவின்படி அது மாதாமாதம் தொடரும் குடியிருப்பாகிவிட்டது; அதில் பிணையாளரின் கையெழுத்து இல்லை. மேலும், 18,000 ரூபாய் வாடகையை அவரைக் கேளாமலே 20,000 ஆக்கினீர்கள். அவர் சம்மதமின்றி ஒப்பந்தத்தை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்தைய கடனிலிருந்து அவர் விடுபடுகிறார் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 133ஆம் பிரிவு. 'காலி செய்யும் வரை' என்ற சொற்கள் பத்திரத்தில் உள்ளனவா?

ஹெப்பால் உரிமையாளர்: கையெழுத்து இருக்கிறது. குடியிருப்பவரை எனக்குத் தெரியாது. பிணையாளரின் முகத்தைப் பார்த்துத்தான் வீட்டைக் கொடுத்தேன்.

ஓசூர்க்காரர்: இவ்வளவு வாதம் எதற்கு? 130ஆம் பிரிவின்படி பிணையாளர் எந்நாளும் ஒரு கடிதம் எழுதி விலகிவிடலாம்.

தணிகை: அக்கடிதம் இனி வரும் பொறுப்பை மட்டுமே நிறுத்தும், சேர்ந்துவிட்ட நிலுவை அப்படியே நிற்கும். பதினோரு மாதத்தையும் ஒரே கொடுக்கல் வாங்கலாகக் கொண்டால், நடுவில் விலகவே முடியாது என்ற வாதமும் உண்டு. உயில் பற்றிய விவாதத்திலும் நீங்கள் பாதிப் பிரிவைத்தான் எழுதினீர்கள். அதை நான் மறக்கவில்லை.

ஓசூர்க்காரர்: பழையதைக் கிளறாதீர்கள். எழுதியதில் ஒரு சொல்லும் பிழையில்லை.

மலர்விழி: என் தந்தை அத்தை மகனுக்குப் பிணை நின்றார். தந்தை இறந்து எட்டு மாதம் கழித்து வாடகை கேட்டு வந்தார்கள். அம்மா பயந்து நகையை அடகு வைத்துக் கட்டினார்.

தணிகை: எந்த மாதங்களுக்கான வாடகை, அம்மா? வேறு விதமாக எழுதியிராவிட்டால், மறைவுக்குப் பிந்தைய மாதங்களுக்குப் பிணை செல்லாது. முந்தைய நிலுவையையும் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் கேட்கலாம்.

ஹெப்பால் உரிமையாளர்: மறுபடியும் சொல்கிறேன், கையெழுத்து இருக்கிறது. குடியிருப்பவரிடம் முதலில் கேட்க வேண்டும் என்றுகூடச் சட்டம் சொல்லவில்லை.

தணிகை: பொறுப்பு இருந்தால் நேராகப் பிணையாளர் மீதே வழக்குத் தொடுக்கலாம், உண்மை. ஆனால் குடியிருப்பவரின் தங்கை திருமணத்துக்காக 1,00,000 ரூபாய் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தீர்களே? கையிலிருந்த ஈட்டைப் பிணையாளரைக் கேளாமல் விட்டால், அந்த அளவுக்கு அவர் விடுபடுகிறார். 141ஆம் பிரிவைப் படியுங்கள். நிலுவையைவிட அது பெரிய தொகை.

ஹெப்பால் உரிமையாளர்: ஒரு பெண்ணின் திருமணத்துக்கு உதவியதைக் குற்றமாக்குகிறீர்கள். அதனால் கையெழுத்து அழிந்துவிடாது. வழக்கறிஞர் அறிவிப்பு திங்கட்கிழமை போகும்.

தணிகை: பத்திரத்தில் அந்தச் சொற்கள் உள்ளனவா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.