‘டவுன்டைம்’ என்பதற்கு அறிவித்தலில் என்ன எழுதுவது?

நிர்வாகப் பிரிவு, உட்துறைமுக வீதி அலுவலகம்

எல்லோருக்கும் வணக்கம். கணக்கு, களஞ்சியம், பொதுக் கோப்புறை மூன்றையும் வருகிற வார இறுதியில் மேகச் சேவையகத்திற்கு மாற்றுகிறார்கள். ஊழியர் அறிவித்தலின் சிங்கள, ஆங்கிலப் பிரதிகள் தயார். தமிழ்ப் பிரதியில் நான் எழுதியது இது: “வெள்ளிக்கிழமை மாலை 6 மணி முதல் திங்கட்கிழமை காலை 6 மணி வரை சேவை இடைநிறுத்தம் அமுலில் இருக்கும்.” முகாமையாளர் படித்துவிட்டுச் சிரித்தார். காரணம் சொல்லவில்லை. வேறு சொல் இருந்தால் தாருங்கள்.

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர், உவர்மலை

அவர் ஏன் சிரித்தார் என்பது எனக்குப் புரிகிறது, மகள். ஒழுக்காற்று விசாரணை முடியும்வரை ஓர் உத்தியோகத்தரை வீட்டில் இருத்துவதைத்தான் நமது அரச கடிதங்கள் சேவை இடைநிறுத்தம் என்கின்றன. அறிவித்தல் பலகையில் அந்தத் தலைப்பைக் கண்டால் யாருடைய பெயர் என்று தேடத் தொடங்குவார்கள். ‘செயலிழப்பு’ என்றும் எழுத வேண்டாம். அது தானாகப் பழுதடைவது. இங்கே நாமே நாள் குறித்து நிறுத்துகிறோம்.

என் முன்மொழிவு ‘சேவைவெட்டு’. நீர்வெட்டு, மின்வெட்டு என்றால் எத்தனை மணிக்குத் தொடங்கும், எத்தனை மணிக்கு முடியும் என்றுதான் நம்மவர்கள் முதலில் கேட்பார்கள். அறிவித்தலும் அந்தக் கேள்விக்குத்தானே பதில் சொல்கிறது.

கணக்குப் பிரிவு

ஐயா, வெட்டு என்றால் பட்டியல் கட்டாததால் வந்து வெட்டிவிட்டுப் போவதும் நினைவுக்கு வருகிறதே. கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள் காதில் அது விழுந்தால் நன்றாக இருக்காது.

சொல்லை விடுங்கள். 60 மணி நேரம் எதற்கு? வேலை நடக்கும்போதே பின்னால் பிரதி எடுக்க முடியும் என்று நினைக்கிறேன். அப்படியானால் எதையுமே நிறுத்தத் தேவையில்லை, அறிவித்தலும் தேவையில்லை.

வலையமைப்புப் பொறுப்பாளர்

பாதி சரி, அக்கா. அந்தப் பாதியைத்தான் இந்தக் கிழமை முழுவதும் செய்துகொண்டிருக்கிறோம். நம்மிடம் உள்ள தரவு ஏறக்குறைய 300 ஜிகாபைட். வெளியே அனுப்பும் வேகம் விநாடிக்கு 20 மெகாபிட். எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும் 33 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் அதை முன்கூட்டியே அனுப்புகிறோம். வார இறுதிக்கு மீதியாக வைப்பது, அந்தப் பிரதிக்குப் பிறகு மாறியவற்றை மட்டும். அது 6 ஜிகாபைட் என்றால் 40 நிமிடத்தில் போய்விடும்.

ஆனால் அந்தக் கடைசி 40 நிமிடத்தில் யாரும் எதையும் எழுதக்கூடாது. நீங்கள் ஒரு பற்றுச்சீட்டைப் பதிகிறீர்கள். அதன் தலைப்பு ஓர் அட்டவணையிலும் தொகை வேறோர் அட்டவணையிலும் போய் உட்காருகின்றன. தலைப்பு பிரதியான பின், தொகை பதிவாகும் முன் பிரதியெடுப்பு முடிந்துவிட்டால், புதிய இடத்தில் தொகையில்லாத பற்றுச்சீட்டு ஒன்று நிற்கும். திரையில் அது பிழையாகவே தெரியாது. மாத முடிவில் இருப்பு இடிக்கும்போதுதான் தேடுவோம்.

ஆகவே 60 மணி நேரமும் ஒரே நிலை அல்ல. வெள்ளி மாலை 6 முதல் சனி காலை 8 வரை நீங்கள் உள்ளே போகலாம், பார்க்கலாம், அச்சிடலாம். புதிதாக எதையும் பதிய முடியாது. அந்த இரவில் முழுக் காப்புப் பிரதி எடுத்து, பரீட்சை மீதியையும் களஞ்சிய இருப்பு மொத்தத்தையும் பழைய முறைமையிலிருந்து அச்சிட்டு வைப்போம். சனி காலை 8க்குப் பிறகு எதுவுமே திறக்காது. கடைசிப் பிரதி போன பின் அதே இரண்டு அறிக்கைகளையும் புதிய இடத்தில் எடுத்து ஒப்பிடுவோம். ஒரு சதம் வேறுபட்டாலும் காரணம் தெரியவேண்டும்.

ஞாயிறு நண்பகலுக்குள் அது தெரியாவிட்டால் பழைய சேவையகத்தையே திரும்பத் திறப்போம். பின்வாங்குவது புதியதைத் திறக்கும்வரைதான் சுலபம். புதியதில் ஒரே ஒரு பற்றுச்சீட்டுப் பதிவானாலும், திரும்பினால் அதைக் கையால் மீண்டும் பதியவேண்டும். ஞாயிறு பின்னேரத்தைச் சும்மா விட்டிருப்பது, பின்வாங்க நேர்ந்தால் பழையதைத் திரும்பத் திறப்பதற்காகத்தான்.

எனவே நமக்கு ஒரு சொல் போதாது. முதல் நிலைக்கு ‘பதிவுத்தடை’, இரண்டாவதற்கு ஐயாவின் ‘சேவைவெட்டு’ என்று வைப்போமா?

களஞ்சியம், கிண்ணியாக் கிளை

பதிவுத்தடை என்று படித்ததும் கைரேகை இயந்திரம்தான் நினைவுக்கு வந்தது. நான் சனிக்கிழமை வேலைக்கு வருகிறேன். வரவுப் பதிவு விழாவிட்டால் மேலதிக நேரக் கொடுப்பனவு என்னாவது? அதோடு சனி காலை 9 மணிக்கு லொறியில் சாமான் வருகிறது. சாரதியை வாசலில் நிறுத்தி வைக்க முடியாது. சாமானை எதில் ஏற்பது?

வலையமைப்புப் பொறுப்பாளர்

கைரேகை இயந்திரம் தன் நினைவகத்திலேயே நேரத்தைச் சேமித்து வைக்கும், தம்பி. வழமைபோல விரலை வையுங்கள். திங்கட்கிழமை நாங்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்வோம்.

லொறிக்கு, அச்சிட்ட பொருள் ஏற்புப் புத்தகம் உங்களிடம் இருக்கிறது. அதில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். திங்கட்கிழமை கணினியில் ஏற்றும்போது சனிக்கிழமைத் திகதியையே இடுங்கள். கணினி காட்டும் அன்றைய திகதியை அப்படியே விட்டால் சாமான் இரண்டு நாள் பிந்தி வந்ததாகக் கணக்கில் நிற்கும்.

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்

அவர் வரவேட்டை நினைத்ததே போதும், பதிவுத்தடை விழுந்தது. ‘பார்வை மட்டும்’ என்று எழுதினால் என்ன? இலக்கணத்தில் அது முழுமையான கலைச்சொல் அல்ல. ஆனால் என்ன செய்யலாம் என்பதை அதுவே சொல்லிவிடுகிறது.

வலையமைப்புப் பொறுப்பாளர்

அச்சிடவும் முடியுமே, ஐயா. எனக்கு ‘உறைநிலை’ பிடித்திருக்கிறது. ஆவணங்களில் அதைப் பயன்படுத்திக்கொள்கிறேன், அறிவித்தலில் வேண்டாம்.

நிர்வாகப் பிரிவு

இப்படி மாற்றியிருக்கிறேன்:

“வெள்ளி மாலை 6 மணி முதல் சனி காலை 8 மணி வரை: பார்வை மட்டும். பதிவுகளைப் பார்க்கலாம், அச்சிடலாம். சேர்க்கவோ திருத்தவோ முடியாது. சனி காலை 8 மணி முதல் திங்கள் காலை 6 மணி வரை: சேவைவெட்டு. எந்த முறைமையும் திறக்காது. அவசரப் பதிவுகளை அச்சிட்ட புத்தகத்தில் எழுதி, எழுதிய நாளின் திகதியுடன் திங்கட்கிழமை ஏற்றவும்.”

கணக்குப் பிரிவு அக்கா ‘வெட்டு’க்கு இன்னும் சம்மதிக்கவில்லை. ‘சேவை மூடல்’ என்கிறார். எனக்கு அது கிளையையே மூடுவது போலக் கேட்கிறது. முகாமையாளரிடம் இரண்டையும் வைக்கிறேன்.

கணக்குப் பிரிவு

மூடல்தான் மரியாதையாக இருக்கிறது, அவ்வளவுதான் சொல்வேன். இன்னொன்று: என் எக்செல் தாள்கள் ஒன்றிலிருந்து ஒன்று எண்களை இழுக்கின்றன. அந்த இணைப்பில் பழைய சேவையகத்தின் பெயர் இருக்கிறது. திங்கட்கிழமை அவை வேலை செய்யுமா?

வலையமைப்புப் பொறுப்பாளர்

செய்யாது. அதைவிட மோசம், செய்வது போலத் தெரியும். கடைசியாக இழுத்த எண்ணையே தாள் காட்டிக்கொண்டிருக்கும். திறக்கும்போது இணைப்பைப் புதுப்பிக்கவா என்று கேட்டால் சம்மதியுங்கள். கோப்பைக் காணவில்லை என்று சொன்னால் அந்தத் தாளின் எண்களை நம்ப வேண்டாம். ஸ்கான் செய்து கோப்புறைக்கு அனுப்பும் அச்சுப்பொறிகளிலும் பழைய பெயர்தான் இருக்கிறது. அவற்றை நாங்கள் ஒவ்வொன்றாக மாற்றுவோம். எக்செல் தாள்களின் பட்டியலை வியாழக்கிழமைக்குள் தாருங்கள், அக்கா.