தக்காளிக் கணக்கில் தடுமாறுகிறேன், உதவுங்கள்

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொருளியல் டியூஷன் எடுக்கிறேன். ஒரு வினாத்தாளில் இப்படி வந்தது: மழையால் வரத்து குறைந்து, தக்காளி கிலோ 30 ரூபாயிலிருந்து 80 ரூபாய் ஆனது. 2 கிலோ வாங்கிய குடும்பம் அரை கிலோ வாங்குகிறது. தேவைக் கோடு என்ன ஆகும்? விடைக்குறிப்பு, ‘இடப்பக்கம் நகரும்’ என்கிறது.

தவறு என்றே நினைக்கிறேன். இடம்பெயர்ந்தது அளிப்புக் கோடுதான். குடும்பம் அதே தேவைக் கோட்டின் மேலேயே 30 என்ற புள்ளியிலிருந்து 80 என்ற புள்ளிக்கு ஏறியிருக்கிறது. நாளை விலை 30-க்கு இறங்கினால் மறுபடி 2 கிலோ வாங்குமா என்று கேட்டுப் பார்க்கிறேன். வாங்கும் என்றால் கோடு அசையவே இல்லை. சம்பளம் குறைந்து, 30 ரூபாயிலும் ஒரு கிலோதான் வாங்குகிறது என்றால் கோடே நகர்ந்துவிட்டது. ‘தேவை’, ‘தேவைப்படும் அளவு’ இரண்டையும் ஒரே சொல்லால் எழுதிவிடுவதுதான் வினை.

இதுவரை சரி. ஆனால் ஒரு மாணவி மடக்கிவிட்டாள்: “அடுத்த வாரம் விலை ஏறும் என்று இன்றே 3 கிலோ வாங்கினால்? அதுவும் விலைதானே சார்?” இன்றைய விலை 30-லேயே இருக்க, வாங்கும் அளவு கூடுவதால் கோடு வலப்பக்கம் நகர்கிறது என்றேன். அவள் முகம் தெளியவில்லை. அச்சில் இருப்பது இன்றைய விலை மட்டுமே என்பதைக் கரும்பலகையில் எப்படி வரைந்து காட்டுகிறீர்கள்? விடைக்குறிப்பு பற்றிய என் வாதத்தில் ஓட்டை இருந்தாலும் சொல்லுங்கள்.