புதுப்பிப்பு: டவுன்லோட் லிமிட் முடிஞ்ச சொஃப்ட்வெயார், கீய வச்சே திரும்பப் போட்டாச்சு

நான் முதல் கேட்டது: "காசு குடுத்து வாங்கின சொஃப்ட்வெயார், லிங்க்க அமத்தினா லிமிட் முடிஞ்சுது எண்டு வருது, கீ மட்டும் இருக்கு, என்ன செய்யலாம்?"

எல்லாருக்கும் நன்றி, சரிவந்திட்டுது. மாங்குளம் அண்ணா சொன்னதுதான் விஷயம்: லிமிட் லிங்க்குக்குத்தான், கீக்கு இல்லை. இஞ்ச கிளிநொச்சியில சிக்னல் அறுந்து அறுந்து திரும்பத் தொடங்கின ஒவ்வொண்டையும் சேர்வர் புது டவுன்லோடா எண்ணியிருக்கு. அதால ட்ரயல் இன்ஸ்டோலர இறக்கிக் கீய அடிச்சன், ஏற்கேல்ல, ஏனெண்டா அது புது வேர்ஷன், என்ர கீ பழசுக்கு, பிறகு சொஃப்ட்வெயார் கொம்பனியின்ர பழைய வேர்ஷன் பக்கத்தில எடுத்துப் போடத்தான் ஏற்றது. புதுக் கீ வாங்கச் சொன்ன தம்பி, அது தேவைப்படேல்ல, ஆனா பழைய லப்டொப்பில கீய முதல் டீஆக்டிவேட் பண்ணச் சொன்னது பெரிய உதவி. ஈபுக் பற்றிக் கேட்ட அக்கா, உங்கட லிங்க் தவணை முடிஞ்சது, ஓடர் நம்பரோட வித்தவைக்கு மெயில் போடுங்கோ. லிங்க்க ரீசெட் பண்ணச்சொல்லி நான் போட்ட மெயிலுக்கு இன்னும் பதிலில்லை.