கிரியேட்டின் நிறுத்தி 5 கிழமை: குறைந்தது தசையா, தண்ணியா?

வணக்கம் அண்ணாமார், தம்பிமார். மட்டக்களப்பில எங்கட ஜிம்முக்கு வாற ஒரு பொடியன் விஷயமா உங்கட அளவுகள் கொஞ்சம் தேவைப்படுது.

நாலு மாதம் நாளுக்கு 5 கிராம் கிரியேட்டின் எடுத்தவர். நிப்பாட்டி 5 கிழமை. பயிற்சி, சாப்பாடு மாறேல்ல. நிறை 72.4 கிலோவில இருந்து 71.0. இடுப்பளவு அப்படியே. ஜிம் தராசு "தசை 1.1 கிலோ குறைவு" எண்டு காட்ட ஆள் பயந்திட்டார்.

எனக்கு இது தண்ணியாத்தான் படுது. தசையில கூடுதலாச் சேர்ந்த கிரியேட்டின் பழைய அளவுக்கு இறங்க 4 முதல் 6 கிழமை எடுக்கும், அதோட சேர்ந்து நிண்ட தண்ணியும் போகும். அந்தத் தராசு உடம்பில மின்சாரம் ஓடுறதை வைச்சுக் கணக்குப் போடுறது. தண்ணி குறைஞ்சா தசை குறைஞ்சதா எழுதிரும்.

பலமும் அதையேதான் சொல்லுது. ஸ்குவாட்டில ஒருதரம் தூக்கிற 110 கிலோ இப்பவும் எழும்புது. 90 கிலோவில மட்டும் 8, 8, 7 எண்டு போனது இப்ப 8, 6, 5. முதல் செட் குறையேல்ல. செட்டுகளுக்கு இடையில பொஸ்போகிரியேட்டின் நிரம்புற கையிருப்புத்தான் சுருங்கியிருக்கு. உண்மையில அவ்வளவு தசை கரைஞ்சிருந்தா 110உம் கொஞ்சம் இறங்கியிருக்கும் எண்டு நினைக்கிறன்.

பயிற்சியைக் குறைக்காம நிப்பாட்டின ஆக்கள் இருந்தா, முன்னும் பின்னும் எடுத்த நிறை, இடுப்பளவு, கடைசி செட் எண்ணிக்கை மூண்டையும் போடுங்கோ. காலமை வெறும் வயித்தில எடுத்த நிறையா இருக்கட்டும். இந்த வெக்கையில பின்னேர நிறை வேர்வையோட மாறும். திரும்பத் தொடங்கினவை 20 கிராம் ஏத்தினீங்களா, நேரே 5 கிராமா? எத்தனையாம் நாள் அந்த மூண்டாம் செட் திரும்பி வந்தது?